ஆறு பஸ்ஸும் ஒரு தூக்கமும்

ஏழாவது பஸ்ஸின் சேசிஸ் இரண்டு இடத்தில் விண்டுவிட்டது, இனி என்ன ஒட்டுப்போட்டாலும் மலையேறாது என்று கராஜில் கையை விரித்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த முக்தார் முதலாளி, பலாங்கொடை பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால் இருக்கும் தன் சின்ன ஆபீஸில் உட்கார்ந்து, வெகுநேரம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. அதைச் சொல்லவும் மங்கையர்க்கரசிக்கு மனம் வரவில்லை.

அந்த ஆபீஸில் கிளார்க், டைம்கீப்பர், டெலிபோன் எடுக்கிறவள், டிரைவர்களின் சண்டையைத் தீர்க்கிறவள் எல்லாம் அவள் ஒருத்திதான். சம்பளம் மட்டும் கிளார்க்குக்கு உரியது. முதலாளி கடைசியில் வாயைத் திறந்து, ஒரு நாளைக்கு இருபது பயணம் ஓட ஏழு பஸ் தேவைப்பட்டது, இப்போது இருப்பது ஆறு, புது பஸ் வாங்க வழியில்லை, ஒரு லைனை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். கைவிடப்போவது கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லைன். அந்த பஸ் காலையில் மலிவான சீசன் டிக்கட் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது, பிறகு மத்தியானம் வரை ஸ்டேண்டில் சும்மா நிற்கிறது. அதை எடுத்து, உடைந்த பஸ் ஓடிய இரத்தினபுரி லைனில் போட்டுவிடலாம். அதற்கேற்ற மாதிரி புது டைம்டேபிள் போடச் சொல்லிவிட்டு அவர் மத்தியான லுஹர் தொழப் போய்விட்டார்.

கத்தியை யார் கையில் கொடுத்துவிட்டுப் போனார் பாருங்கள். மங்கையர்க்கரசி குடியிருப்பது அந்த மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடொன்றில். தினமும் வேலைக்கு வருவது அந்த பஸ்ஸில். அதை ஓட்டுகிறவன் அவள் புருஷன் சசி. அவர்கள் மகள் தனுஜா உயர்தரப் பரீட்சை வகுப்பில் இரண்டாம் வருஷம், டவுனில் படிக்கிறாள். அந்த பஸ் இல்லையென்றால் தேயிலை ஃபெக்டரிச் சந்தி வரை இருட்டில் இறங்கி நடக்க வேண்டும். நடந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, ஸ்கூல் வாசலில் போய் நிற்கும்போது இரண்டாம் பாடம் ஆரம்பித்திருக்கும். மேல் டிவிஷனில் அப்படி நடந்து படித்துப் பார்த்த பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்கூல் தவணையில் நின்றுபோய், இன்று கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். தன் மகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவாள் என்று பயந்தவள், பழைய டைம்டேபிள் தாளை எடுத்து முன்னால் விரித்தாள்.

முதலாளி திரும்பி வந்ததும் அவள் வேறு வழி பார்த்துச் சொல்ல வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டாள். அவர் அலுப்போடு சரியென்று தலையாட்டி, "ஹரி, ஜும்ஆவுக்குப் பொறகு செல்லுங்க" என்றார்.

மூன்று நாளும் அவள் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினாள். முதலில் எல்லோரும் செய்கிற மாதிரிதான் செய்து பார்த்தாள்: ஒரு லைனை எடுத்து, அதை ஓடும் பஸ்ஸுக்கு இடையில் எங்கே ஓய்வு இருக்கிறது, அங்கே இன்னொரு பயணத்தைச் சொருக முடியுமா என்று. எங்கேயும் சொருகவில்லை. இரத்தினபுரி பஸ் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டேண்டில் சும்மா நிற்கும் பஸ் ஒன்றுகூட இல்லை. சசியின் பஸ் மேலேயிருந்து இறங்கி வரவே ஏழு பத்தாகிவிடும். அதற்குள் இரத்தினபுரிக்காரர்கள் வேறு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இருக்கும் பெல்மடுல்லையை நெருங்கியிருப்பார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவள் பஸ்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்க வேண்டியது பயணங்களை. முக்தார் முதலாளியின் வாப்பா காலத்திலிருந்து, ஒரு லைனுக்குப் போன பஸ்தான் அந்த லைனுக்கே திரும்பவும் போகும். நெற்றியில் ஊர்ப் பேரைப் பெயின்டில் எழுதி, கண்ணாடிக்கு மாலை போட்டு, அந்த ஊர் டிரைவர் அதைத் தன் வீட்டு மாடு மாதிரி இராத்திரி தன் வீட்டு வாசலிலேயே நிறுத்துவான். எந்த பஸ்ஸையும் எந்த லைனிலும் விடலாம் என்று முதலாளி எப்போதோ பெர்மிட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தார். ஆனால் பஸ் உடைந்தாலொழிய யாரும் மாற்றி ஓட்டியதில்லை. அது சட்டம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் உட்பட.

அவள் ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு, இடது பக்கம் இருபது பயணமும் எங்கே எப்போது முடிகிறது என்று எழுதினாள். வலது பக்கம் அதே இருபதும் எங்கே எப்போது தொடங்குகிறது என்று எழுதினாள். இடது பக்கத்துப் பயணம் முடிந்த பஸ், வலது பக்கத்துப் பயணம் தொடங்கும் இடத்துக்கு, வெறும் பஸ்ஸாக ஓடியாவது, பத்து நிமிஷம் மிச்சம் வைத்துப் போய்ச் சேருமானால் இரண்டுக்கும் நடுவே கோடு போடலாம். யாருக்கு யாரைக் கட்டிவைக்கலாம் என்று பொருத்தம் பார்க்கிற கதைதான். பொருந்துவது பத்துப் பேரோடு பொருந்தலாம், ஆனால் தாலி ஒன்றுதான். இடது பக்கம் ஒன்றுக்கு வலது பக்கம் ஒன்று, அதற்கு மேல் கூடாது.

கோடு விழாவிட்டால் இருபது பயணத்துக்கும் இருபது பஸ் வேண்டும். ஒவ்வொரு கோடும் ஒரு பஸ்ஸை மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் முதல் பயணத்தை முடித்த பஸ்ஸே அடுத்ததையும் எடுத்துக்கொள்கிறது. பழைய வழக்கப்படி கோடுகளைப் போட்டு எண்ணினாள். பதிமூன்று. இருபதில் பதிமூன்று போனால் ஏழு பஸ். சரியாக வந்தது. அப்படியானால் அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரே ஒரு கோடு.

அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை. வலது பக்கம் இரத்தினபுரி ஆறே முக்கால் ஆளில்லாமல் நின்றது. இடது பக்கம் அதே பஸ் பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து, பிறகு வேலையில்லாமல் நின்றது. இரண்டையும் நேரே இணைக்க முடியாது. போகாத பஸ் எப்படித் திரும்பி வரும்? அவள் ரப்பரால் அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோனது. கண் எரிந்தது. ஒரு கட்டத்தில், போகட்டும், மூன்று மாசம் டவுனில் ஒரு அறை எடுத்தால் தனுஜா பரீட்சையை முடித்துவிடுவாள் என்று நினைத்தாள். நினைத்த கையோடு அறை வாடகையும் நினைவுக்கு வந்தது. மறுபடியும் பென்சிலை எடுத்தாள்.

இரத்தினபுரிக்கு வேறு யார்தான் போக முடியும் என்று கேட்டுப் பார்த்தாள். ராசாத்தோட்டத்து பஸ் முடியும். அது ஆறு இருபதுக்கு ஃபெக்டரிச் சந்தியில் ஆட்களை இறக்குகிறது. அங்கேயே நின்று ஏழு பத்துக்கு இராத்திரி வேலை முடிந்தவர்களைத் தோட்டத்துக்கு ஏற்றுகிறது. நிற்காமல் வெறும் பஸ்ஸாக இறங்கினால் கால் மணி நேரத்தில் டவுனுக்கு வந்துவிடும், இரத்தினபுரியைப் பிடித்துவிடும். ஆனால் சந்தியில் ஏழு பத்து அநாதையாகிவிடுமே. அதை யார் எடுப்பார்கள்? பின்னவலை பஸ். அது ஆறு நாற்பதுக்கு டவுனுக்கு வருகிறது. இரத்தினபுரிக்கு ஐந்து நிமிஷத்தில் திரும்ப முடியாது, ஆனால் சந்திக்கு ஓடிப்போய் நிற்க முடியும். சரி, பின்னவலை பஸ்ஸின் ஏழரைப் பயணம்? அதற்குத்தான் சசியின் பஸ் ஏழு பத்துக்கு வந்து நிற்கிறதே. அப்படியானால் சசி மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு மேலே கொண்டுபோகும் ஸ்கூல் பஸ்? அதற்கு இரத்தினபுரியிலிருந்து பன்னிரண்டரைக்கு வந்து வேலையற்று நிற்கும் பஸ் இருக்கிறது.

மூன்று கோட்டை அழித்து நான்கு கோட்டைப் போட்டிருந்தாள். எண்ணினாள். பதினான்கு. இன்னொரு தடவை எண்ணினாள். ஆறு பஸ், இருபது பயணம், எதையும் வெட்டவில்லை. ஆபீஸில் யாரும் இல்லாததால் அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள்.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கியது. ஒவ்வொரு பஸ்ஸையும் இரவு வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, சசியின் பஸ் பின்னவலையில் போய்ப் படுத்தது, பின்னவலைக்காரன் ராசாத்தோட்டத்தில், ராசாத்தோட்டத்துக்காரன் மேல் டிவிஷனில். பஸ்ஸுக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான், டிரைவருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டு. நல்ல வேளையாக, இரண்டு பஸ் ஒரே நேரத்தில் ஸ்டேண்டில் நின்றால் அவற்றின் மிச்ச நாளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடலாம், கோடுகளின் கணக்கு குறையாது என்று கண்டுகொண்டாள். பின்னவலை போன சசி பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பிவிடுகிறான், ஆகவே ஒன்றே முக்கால் ஸ்கூல் பஸ்ஸை அவனே எடுக்கலாம். மற்ற இருவரையும் மாலையில் ஒரு தடவை மாற்றிவிட்டாள். எல்லோரும் அவரவர் வீட்டில் படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை முதலாளி தாளை மேலும் கீழுமாகப் பார்த்தார். அத்தர் வாசனை ஆபீஸெல்லாம் அடித்தது. அவருக்குக் கோடுகள் விளங்கவில்லை, ஆனால் பஸ் பஸ்ஸாக விரல் வைத்து ஓட்டிப் பார்த்தார், எங்கேயும் இடிக்கவில்லை. முதலாளி முதலாளிதானே, உடனே ஐந்தாகுமா என்று கேட்டார். காலை எட்டு மணிக்கு ஆறு பயணம் ரோட்டில் இருக்கிறது, ஒரு பஸ் ஒரே நேரத்தில் இரண்டு ரோட்டில் ஓடாது, அதனால் ஐந்து எந்த வகையிலும் ஆகாது என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். உடைந்த பஸ்ஸின் டிரைவர் றிஸ்மியைக் கூப்பிட்டு, இனி வேலை இல்லை மகன் என்று அவரே சொல்லி அனுப்பிவைத்தார். பஸ் நெற்றிகளில் பெயின்ட் சுரண்டப்பட்டு, தொங்கவிடும் தகரப் போர்டுகள் வந்தன. மேல் டிவிஷனில் பிள்ளைகளின் தாய்மார் மங்கையர்க்கரசிக்கு வாழைக்குலை கொண்டுவந்து கொடுத்தார்கள். சசி புது டைம்டேபிளை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சசியின் நாள் விடியுமுன் நாலு மணிக்குத் தொடங்கும். தண்ணீர், எண்ணெய், டயர் பார்த்து, கண்ணாடி துடைத்து, ஐந்தே முக்காலுக்கு முதல் பஸ். இரவு கடைக்காரர்களோடு மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பும் கடைசி பஸ் மேலே சேர ஒன்பதாகும். கழுவி, அவளிடமே கணக்குக் கொடுத்து, சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று. பதினோரு வருஷம் அவன் உடம்பு அதைத் தாங்கியது எதனால் என்று ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. ஏழு பத்திலிருந்து மத்தியானம் வரை அவன் பஸ்ஸின் பின் நீள சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவான். முதலாளிக்கு அது சும்மா நிற்கும் பஸ். மங்கையர்க்கரசியின் தாளில் அது வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அவள் பின்னவலையைச் சொருகியிருந்தாள்.

முதல் வாரம் அவன் தேத்தண்ணி அதிகம் குடித்தான். இரண்டாம் வாரம் பேச்சு குறைந்தது. கழுவப் போன இடத்தில் வாளியைப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கினான். அவள் எழுப்பி உள்ளே கூட்டிவந்தாள். பழகிவிடும் என்று அவனும் சொன்னான், அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, தனுஜா முதல் பாடத்துக்கு முன்னால் ஸ்கூலில் இருக்கிறாளே.

மூன்றாம் வாரம் ஒரு மழை நாள். இரவு தனுஜா நனைந்த ஸ்கூல் சட்டையை அடுப்புச் சூட்டில் காயவைத்துக்கொண்டே, யாரோ பக்கத்து லயத்துக் கதையைச் சொல்வது போல அம்மாவிடம் சொன்னாள். ஸ்கூல் பஸ் மேலே ஏறும்போது அவள் எப்போதும் முன் சீட்டில்தான் இருப்பாள்.

"கோயில் வளைவுல அப்பா தலை சாஞ்சிருச்சும்மா. நான் அப்பான்னு கூப்பிட்டேன். ஒடனே நிமிந்துக்கிட்டாரு. வண்டி கொஞ்சம் ஓரம் போயிருச்சு, அவ்ளோதான். யாருக்கும் தெரியாது."

மங்கையர்க்கரசி அந்த வளைவை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஓரத்துக்கு அப்பால் பள்ளத்தில் தேயிலை, அதற்கும் கீழே ஆறு. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளாவது இருந்திருப்பார்கள். நீ இனி முன் சீட்டிலேயே உட்கார் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லப்போவது என்ன என்று விளங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். மகளை அப்பனுக்குக் காவல் வைப்பதா? அன்றிரவு சசியை அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள்தான் தூங்கவில்லை, தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுநாள் முதலாளி வந்தவுடன் அவள் நடந்ததைச் சொல்லி, றிஸ்மியைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். காலையில் சசி இறங்கியதும் அதே பஸ்ஸை றிஸ்மி பின்னவலைக்கு எடுத்துப் போய் வந்தால் போதும், அரை நாள் வேலைதான். முதலாளி நெற்றியைத் தேய்த்தார். பஸ் ஆறு, டிரைவர் ஏழா என்று கேட்டார்.

"ஆறு போதும்னு நீங்கதானே சென்ன மங்கை. எட்டு மணிக்கு ஆறு பயணம் ரோட்டுல ஈக்குதுன்னு எனக்கு வெளங்கப்படுத்துன."

"பஸ்ஸுக்கு ஆறு போதுங்க மொதலாளி. நான் பஸ்ஸுக்குத்தான் கோடு போட்டேன். மனுசனுக்குப் போடல."

அவர் கஷ்டத்தைச் சொன்னார். டீசல், டயர், பழுதுபார்ப்பு. எல்லாம் உண்மை, அவள் எழுதும் கணக்குத்தானே. இன்னொரு ஆளை வைக்கக் கட்டாது, வேறு வழி இருந்தால் பாருங்கள் என்றார். வேறு வழி என்ன என்று அவள் இரவெல்லாம் பார்த்திருந்தாள். எட்டு மணிக்கு ஆறும் ரோட்டில் இருக்கும்போது எந்த பஸ்ஸும் நிற்க முடியாது, அதனால் பஸ்ஸோடு சேர்ந்து சசி தூங்கவும் முடியாது. நிற்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு லைனை வெட்ட வேண்டும்.

அவள் மேசைக்குப் போய், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெரிய எழுத்தில் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் எழுதினாள். திங்கட்கிழமையிலிருந்து கல்லுமலை மேல் டிவிஷன் பஸ் ஓடாது. எழுதி முதலாளி முன்னால் வைத்து, ரப்பர் முத்திரையையும் பக்கத்தில் வைத்தாள்.

முதலாளி படித்தார். உங்கள் மகள் எப்படிப் போவாள் என்று கேட்டார். நடந்து போவாள் என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. இந்த லைனைக் காப்பாற்ற இவள் மல்லுக்கட்டிய மூன்று நாளையும் அவர் பார்த்திருந்தார்.

"புள்ள நடந்து போனாலும் வீடு வந்து சேருவா மொதலாளி. முத்திரையப் போடுங்க."

அவர் முத்திரையைக் கையில் எடுத்தார். மையில் ஒற்றினார். பிறகு அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, போனைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை, மேசையில் இல்லை, கடைசியில் தொழுகைத் தொப்பிக்கு அடியில் கிடந்தது. றிஸ்மிக்குப் போன் போட்டார். றிஸ்மி மாமாவின் ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தான். காலை மட்டும் என்றால் வருகிறேன், அரைச் சம்பளம் என்று சொல்லி முக்கால் வேலை வாங்கக் கூடாது என்றான். அவர் ஒப்புக்கொண்டு, போனை வைத்துவிட்டு, இந்த மாசம் அவள் சம்பளம் பத்து நாள் பிந்தும் என்றார். அவள் சரி என்றாள். அதை விடப் பிந்தியும் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஏழு பத்துக்கு சசி பஸ்ஸை ஸ்டேண்டில் விட்டான், பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். றிஸ்மி தகரப் போர்டை மாற்றிக்கொண்டு சாவியை வாங்கினான், ஏழரைக்குப் பின்னவலைக்குக் கிளம்பினான். பஸ் போன பிறகும் சசி அது நின்ற இடத்திலேயே துண்டோடு நின்றான். இவ்வளவு கணக்குப் பார்த்தவளுக்கு, பஸ் போனால் அவன் படுக்கும் சீட்டும் அதோடு போய்விடும் என்பது தோன்றவே இல்லை. ஆபீஸ் கதவில் நின்று பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

தன் மேசைக்குப் பின்னால், பழைய டயர்களை ஓரம் தள்ளி, மூலையில் கிடந்த பாயை விரித்தாள். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டாரா என்று அவன் கேட்டு முடிக்குமுன் தூங்கிப்போனான். எட்டு மணிக்கு முக்தார் முதலாளி உள்ளே வந்து, தன் கிளார்க்கின் நாற்காலிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார், மணி அடிக்கத் தொடங்கிய டெலிபோனைத் தானே எடுத்தார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இரத்தினபுரி பஸ் போய்விட்டது என்று யாருக்கோ மெதுவாகச் சொன்னார்.